‘ஸ்வாம்ப்டு’ என்பது பதில் அன்று

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நூல்கள் சலிக்காமல் அச்சிட்டுவரும் பட்டியல்களுள் ஒன்று, ‘பிஸி’ என்பதற்கு மாற்றாகச் சொல்லத்தக்க சொற்களின் பட்டியல். ‘ஸ்வாம்ப்டு’, ‘டைடு அப்’, ‘எங்கேஜ்டு’ ஆகியவை அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மூன்றும் ஒரே பொருள் தருவன, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற தோரணை அதற்கு உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் மின்னஞ்சல் மொழி இந்தத் தோரணையை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டது. சந்திக்க நேரம் கேட்கும் ஆய்வாளருக்கு நெறியாளர் எழுதும் ஒற்றை வரி மறுப்பில் இன்று பெரும்பாலும் காணப்படுவது ‘ஸ்வாம்ப்டு’தான். பணிவாகவும் நவீனமாகவும் ஒலிப்பதால் அதை எவரும் குறைசொல்வதில்லை. ஆனால் மூன்று சொற்களும் ஒரே பொருளன அல்ல. மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு எழுதும்போது அவற்றுள் முதலாவது, பதிலைப்போல் தோற்றமளிக்கும் பதிலின்மை.

சொற்களின் அடியில் இருக்கும் படிமங்களைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ‘ஸ்வாம்ப்’ என்பது சதுப்பு நிலம். வினையாகும்போது, படகுக்குள் நீர் ஏறி அது மூழ்குவதைக் குறிக்கும். ‘டைடு அப்’ என்பது கயிற்றால் கட்டுண்ட நிலை. ‘எங்கேஜ்டு’ பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதனுள் இருக்கும் ‘கேஜ்’ என்ற சொல்லுக்கு ஈடு, பிணை என்று பொருள். ஆக, ஒருவர் நீரில் மூழ்கியிருக்கிறார், ஒருவர் கட்டப்பட்டிருக்கிறார், ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். கயிற்றுக்கு அவிழ்ப்பு உண்டு. வாக்குக்கு நிறைவேறும் நாள் உண்டு. வெள்ளம் எப்போது வடியும் என்பதை மூழ்கியவரிடம் கேட்பது பண்பாகாது. இந்த மூன்றாவது உண்மையில்தான் ‘ஸ்வாம்ப்டு’ என்ற சொல்லின் வசதி முழுவதும் அடங்கியிருக்கிறது.

தமிழில் இதற்கு நேரான வழக்கு ‘தலைக்கு மேல் வேலை’. அதன் உறவுக்காரப் பழமொழியையும் தமிழர் அறிவர்: தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அளவு என்பதே பொருளற்றுப்போகும் நிலை அது. ஐந்து நாள் வேலையும் ஐந்து மாத வேலையும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றுதான். வாக்கிய அமைப்பும் இதையே காட்டுகிறது. ‘டைடு அப்’ என்று எழுதியவரின் கை ‘டில்’ என்ற அடுத்த சொல்லை இயல்பாகவே தேடும்: வியாழன் வரை, நான்கு மணி வரை. வேலைமிகுதியைச் சொல்லும் ‘எங்கேஜ்டு’ தனித்து நிற்கவே முடியாது. எதில், எப்போது என்பதைச் சேர்த்தால்தான் வாக்கியம் முடியும். ‘ஸ்வாம்ப்டு’ மட்டும் ஒற்றைச் சொல்லாகவே முற்றுப்புள்ளியை ஏற்கும். எழுதுபவருக்கு ஐந்து நொடிகளில் வேலை முடிந்துவிடுகிறது.

‘எங்கேஜ்டு’ இந்தியாவில் அடைந்திருக்கும் கதி வருத்தத்துக்குரியது. தொலைபேசியில் ‘எங்கேஜ்டு டோன்’ கேட்ட தலைமுறையோடு அந்தப் பொருளும் மங்கிவருகிறது. இன்று ஓர் இளம் ஆய்வாளர் ‘ஐ ஆம் எங்கேஜ்டு’ என்றால் கேட்பவர் மோதிரத்தைத் தேடுவார். வகுப்பறைக்குள் மட்டும் அதன் வினை வடிவம் உயிரோடிருக்கிறது; வகுப்பு எடுப்பதை ‘கிளாஸ் எங்கேஜ் பண்ணுவது’ என்று இந்திய ஆசிரியர்கள் இன்றும் சொல்கிறார்கள். தமிழில் இதன் பொருளைத் துல்லியமாகத் தருவது ‘ஒப்புக்கொண்டிருக்கிறேன்’ என்ற சொல். அந்த நேரத்தை முன்பே இன்னொருவருக்கு ஒப்புக்கொண்டாயிற்று. ஆகவே இது கேட்பவரின் தகுதியைப் பற்றிய தீர்ப்பு அன்று, நாட்காட்டியைப் பற்றிய செய்தி.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ணுவோர், ஓர் ஆய்வாளரின் ஒரு மாதத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்காம் ஆண்டில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியை எடுத்துரைக்க வேண்டும். குழு நவம்பர் 20 அன்று கூடுகிறது. அக்டோபர் 20 அன்று அவர் மூன்றாம் இயலின் வரைவை அனுப்பி, அரை மணி நேரச் சந்திப்பு கேட்கிறார். கேள்வி ஒன்றுதான்: நேர்காணல்களை ஊர்வாரியாகத் தொகுப்பதா, தொழில்வாரியாகத் தொகுப்பதா? அது முடிவானால்தான் நான்காம் இயலைத் தொடங்க முடியும். மறுநாள் பதில் வருகிறது: ‘ஸ்வாம்ப்டு. லெட்ஸ் கனெக்ட் சூன்.’

இனி அவர் என்ன செய்வார்? மூன்று நாளில் மீண்டும் எழுதினால் தொல்லை. மூன்று வாரம் கழித்து எழுதினால் அக்கறையின்மை. இடைப்பட்ட நாள் எது என்பதைச் சொல்லும் ஒரு சொல்கூட அந்தப் பதிலில் இல்லை. உடன் பயில்வோரிடம் மின்னஞ்சலைக் காட்டி உரை கேட்கிறார். வரைவு பிடிக்கவில்லையோ என்று ஐயுற்று, எவரும் சொல்லாத திருத்தங்களைச் செய்யத் தொடங்குகிறார். எந்நேரமும் அழைப்பு வரலாம் என்பதால் களப்பணிக்கு வெளியூர் போவதையும் தள்ளிவைக்கிறார். நவம்பர் 4 அன்று இரண்டாவது மின்னஞ்சல். ‘ஸ்டில் ஸ்வாம்ப்டு’ என்று பதில். குழு கூடுவதற்கு மூன்று நாள் முன்னர், தாழ்வாரத்தில், மின்தூக்கிக்காகக் காத்திருக்கும்போது கேள்விக்கு விடை கிடைக்கிறது: ‘தொழில்வாரியாகப் போங்கள்.’ தேவைப்பட்டது ஒரு நிமிடம். செலவானது நான்கு வாரம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை, மூத்த நிலை ஆண்டுகளையும் சேர்த்து, ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே உண்டு. அந்த நான்கு வாரத்தை எவரும் திருப்பித் தருவதில்லை.

அதே நெறியாளர், அதே வேலைப்பளுவுடன், ‘சேர்க்கைப் பணியில் 30ஆம் தேதி வரை டைடு அப், 31 காலை பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தால் ஆய்வாளர் பத்து நாள் களத்துக்குப் போய் வந்திருப்பார். ‘இந்த வாரம் முழுவதும் எங்கேஜ்டு, கேள்வியை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்’ என்றிருந்தால் சந்திப்பே தேவைப்பட்டிராது. மறுப்பு மூன்றிலும் மறுப்புதான். ஆயினும் பின்னிரண்டும் கேட்பவரின் கையில் ஒரு தேதியையோ ஒரு வழியையோ கொடுக்கின்றன.

மொழியியலாளர்கள் இதன் பொறியமைப்பை வெகுகாலத்துக்கு முன்பே விளக்கிவிட்டார்கள். ஹார்வி சாக்ஸ் தொடங்கிவைத்த உரையாடல் பகுப்பாய்வு, மறுப்புகள் நேரடியாக வருவதில்லை, தயக்கமும் காரணமும் சுமந்துகொண்டே வருகின்றன என்று காட்டியது. அந்தக் காரணங்களும் பெரும்பாலும் ‘விருப்பமில்லை’ என்றிராமல் ‘இயலவில்லை’ என்ற வடிவிலேயே அமையும். பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் தம் பணிவுக் கோட்பாட்டுக்கு எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளுள் ஒன்று தமிழ். கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றின் பேச்சு அது. கேட்பவரின் அதிகாரம் கூடக்கூடப் பணிவின் உழைப்பும் கூடும் என்பது அவர்கள் வகுத்த கணக்கு. அதைத் தலைகீழாகப் படித்தால் நம் வளாகம் தெரியும்: நேரம் கேட்கும் மின்னஞ்சல் பன்னிரண்டு வரி, மறுக்கும் மின்னஞ்சல் ஒரு சொல். மூன்று சொற்களும் செயப்பாட்டு வினையின் சாயலைக் கொண்டவை என்பதும் தற்செயல் அன்று. மூழ்கடித்தது எது, கட்டியது யார் என்று அவை சொல்வதில்லை. மறுப்பவர் தம் மறுப்புக்குத் தாமே பொறுப்பல்லர் ஆகிவிடுகிறார்.

ஆசிரியர்களின் வேலைப்பளு பொய் என்று இங்கு எவரும் வாதிடவில்லை. 2018ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலையும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரத்தையும் வகுத்துள்ளன. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு ஆய்வாளர்கள் வரை நெறிப்படுத்தலாம். நாக் குழு வரவிருக்கும் பருவத்தில் கோப்புகள் தனி. மூழ்கியவர் உண்மையிலேயே மூழ்கித்தான் இருக்கிறார். ஆனால் எட்டு ஆய்வாளர்களுக்கு அனுப்பிய எட்டு ‘ஸ்வாம்ப்டு’களும் சில நாளில் எட்டு நினைவூட்டல்களாகத் திரும்பி வந்து அதே வெள்ளத்தில் கலக்கின்றன என்பதையும் அவர் எண்ணிப் பார்க்கலாம்.

காரணத்தை வெளிப்படுத்த இயலாத சூழல் உண்டே என்ற மறுப்பு வரக்கூடும்: நோய், குடும்பம், வினாத்தாள் தயாரிப்பு. அதற்கும் உகந்த சொல் ‘எங்கேஜ்டு’தான். ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லி, யாருக்கு, எதற்கு என்பதை அது மறைத்துவிடும். மறைக்கக் கூடாதது ஒன்றே: அடுத்து எப்போது கேட்கலாம் என்பது. அது ஒரு பதிலில் இல்லாவிட்டால் அவசரம் என்று கொள்ளலாம். இரண்டு பதில்களில் தொடர்ந்து இல்லாவிட்டால், அது நேரமின்மை அன்று, சந்திக்க விருப்பமின்மை என்று கொண்டு, ஆலோசனைக் குழுவின் மற்றோர் உறுப்பினரை ஆய்வாளர் நாடுவதே முறை. அதைப் புறங்கூறல் என்று கருதும் துறைகள் உண்டு. குழு என்ற ஒன்றை விதிமுறை எதற்காக வைத்தது என்று அவை சொல்லட்டும்.

கீழிருந்து மேலே மறுக்க நேரும்போது கணக்கு மாறுகிறது. விருந்தினர் பேராசிரியரை நிலையத்திலிருந்து அழைத்துவரும் ஏற்பாட்டைப் பேசச் சனிக்கிழமை வரச்சொல்லும் துறைத்தலைவருக்கு ஓர் ஆய்வாளர் ‘ஸ்வாம்ப்டு’ என்று எழுதினால் அது புலம்பலாகப் படும். ‘எங்கேஜ்டு’ என்று எழுதினால் திமிராகப் படும். ‘நேரமில்லை சார்’ என்று தாய்மொழியில் சொன்னால் இன்னும் மோசம். ஆகவேதான் பலர் ‘பார்க்கிறேன் சார்’ என்று சொல்லிவிட்டுப் போய் நிற்கிறார்கள். எஞ்சியிருப்பது ‘டைடு அப்’. கயிறு எது என்று பெயர் சொல்லிவிட்டால் அது அங்கே வேலைசெய்யும்: ‘குழு அறிக்கை திங்கட்கிழமை சேர வேண்டும், அதுவரை டைடு அப் சார், திங்கள் மாலை வந்து பார்க்கிறேன்.’ அறிக்கையைக் கேட்டவர்களுள் துறைத்தலைவரும் ஒருவர் என்பதால் அந்தக் கயிற்றை அவரால் இல்லையென்று சொல்ல முடியாது.