மேப்பில் உங்கள் தெருவைக் காணோமா? அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை என்ன நடக்கிறது?

"சார், மேப்ல உங்க தெருவே காட்டலையே!" அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புது மனைப்பிரிவுகளில் குடியிருப்பவர்களுக்கு இந்த போன் கால் பழகிப்போன ஒன்று. தெரு இருக்கிறது, வீடு இருக்கிறது, மேப்பில் மட்டும் இல்லை. காரணம் புரிய, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எப்படி உருவாகிறது என்று பார்த்தாலே போதும். 2004-ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்த மேப்பை, கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் போன்ற செயலிகள் இதன் தரவில்தான் ஓடுகின்றன.

ஒரு தெரு எப்படி மேப்புக்குள் வருகிறது?

ஆவடியில் ஒரு புது மனைப்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். திருத்துபவர் osm.org தளத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, தெரு போகும் வழியில் புள்ளிகளை வைத்து ஒரு கோடு இழுக்கிறார். பிறகு அந்தக் கோடு என்ன என்று சொல்ல `highway=residential` என்று ஒரு குறிச்சொல் சேர்க்கிறார். சேமித்த சில நிமிடங்களில் அது தளத்தில் தெரிய ஆரம்பித்துவிடும்.

இதில் முதல் சிக்கல், படம் பழையதாக இருக்கலாம். படம் எடுத்தபோது காலி நிலமாக இருந்த இடத்தில் இன்று நான்கு தெருக்கள் இருந்தாலும், வெளியூரில் உட்கார்ந்து வரைபவருக்கு அது தெரியாது. இரண்டாவது, படம் சில மீட்டர் நகர்ந்திருக்கலாம். அப்படியே வரைந்தால் கட்டிடங்கள் பக்கத்து மனையில் போய் உட்கார்ந்துவிடும்.

கோடு இருக்கிறது, பெயர் எங்கே?

மேலிருந்து பார்த்தால் சாலை தெரியும், பெயர்ப் பலகை தெரியாது. அதனால்தான் பல தெருக்கள் பெயரில்லாத வெறும் கோடாகவே நிற்கின்றன. அந்தத் தெருவுக்கு நேரில் போனவர்தான் பெயரைச் சேர்க்க முடியும். கூகுள் மேப்பைப் பார்த்து எழுதலாமே என்றால், முடியாது. அது உரிமம் உள்ள தரவு. அப்படிச் சேர்த்தது தெரியவந்தால் நீக்கிவிடுவார்கள்.

பெயர் சேர்த்தாலும் குழப்பம் வரலாம். 'முதல் குறுக்குத் தெரு' கிட்டத்தட்ட ஒவ்வொரு நகரிலும் உண்டு. எந்த நகர் என்பது மேப்பில் இல்லாவிட்டால், தேடல் உங்களை வேறொரு முதல் குறுக்குத் தெருவில் கொண்டுபோய் விடும்.

பூந்தமல்லியா, பூவிருந்தவல்லியா?

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. அதில் Ambattur என்பது Ambaththoor ஆனது. Poonamallee என்பது Poovirunthavalli ஆனது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசாணை வந்த அன்றே ஒருவர் மேப்பை மாற்றியிருந்தால், அடுத்த வாரமே அது தப்பாகியிருக்கும்.

இதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழி எளிது: களத்தில் என்ன இருக்கிறதோ, பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முதல் பெயர். மற்ற பெயர்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, தனித்தனிக் கட்டங்களில் வைக்கலாம். உதாரணமாக:

```
name=Poonamallee
name:ta=பூந்தமல்லி
alt_name:ta=பூவிருந்தவல்லி
```

இப்படி இருந்தால் எந்தப் பெயரைத் தட்டினாலும் ஊர் கிடைக்க வாய்ப்பு உண்டு. முதல் வரி மட்டும் இருந்து `name:ta` இல்லையென்றால், தமிழில் மேப் பார்ப்பவருக்கும் ஆங்கிலப் பெயர்தான் வரும்.

தெரு தெரிகிறது, ஆனால் வழி காட்ட மாட்டேங்குதே?

இது கண்ணுக்குத் தெரியாத பிழை. புதுத் தெருவின் கோடு பிரதான சாலையைத் தொடுவது போலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் பொதுவான புள்ளி இருக்காது. செயலியைப் பொறுத்தவரை அது தனித்தீவு. சுற்றிவளைத்து வழி காட்டினாலோ, தெருமுனைக்கு முன்பே நின்றுவிட்டாலோ இந்தச் சந்தேகம் வர வேண்டும். இரண்டு கோடுகளையும் ஒரே புள்ளியில் இணைத்தால் சரியாகிவிடும்.

திருத்தியும் போனில் வரலையே?

செயலி தன்னுடைய பழைய பிரதியைக் காட்டிக்கொண்டிருக்கலாம். ஆஃப்லைன் மேப் என்றால், செயலி புதிய தரவை வெளியிட்டு, நீங்கள் அதை மறுபடி டவுன்லோட் செய்யும் வரை மாற்றம் தெரியாது. அதனால் முதலில் osm.org-ல் அதே இடத்தைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் செயலியில்தான் தாமதம். அங்கேயும் தப்பாக இருந்தால் தரவில்தான் பிழை. அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்து வரலாற்றைத் திறந்தால், எந்தத் தேதியில் என்ன மாறியது என்பது வரிசையாகத் தெரியும்.

வரையத் தெரியாதவர்கள் அதே தளத்தில் அந்த இடத்தில் ஒரு குறிப்பு வைக்கலாம். 'இங்கே தெரு இல்லை' என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. பலகையில் உள்ள பெயர், நகரின் பெயர், எந்தச் சாலையிலிருந்து பிரிகிறது ஆகிய மூன்றையும் எழுதினால், எங்கோ இருக்கும் ஒருவராலும் அதைச் சரியாக வரைந்துவிட முடியும்.