பழைய புத்தகமும் ஐந்து மதிப்பெண்ணும்

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் முன் ஓர் இயற்பியல் வினா வந்து நின்றது. அவ்வாண்டு நீட் தேர்வில் அணுவைப் பற்றி இரண்டு கூற்றுகள் தரப்பட்டு, எவை சரி என்று கேட்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை. தமக்குரிய நிறமாலையை உமிழ்பவை என்பது அவற்றுள் ஒன்று. என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் பழைய பதிப்பில் இவ்வாசகம் இருந்தது. புதிய பதிப்பு அதனைத் திருத்தி, பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள் நிலையானவை என்றது. கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையற்றவை ஆதலால் திருத்தமே சரி. எனினும் பழைய நூலைப் படித்தவர்கள் இழப்புக்கு ஆளாகக் கூடாதெனத் தேசியத் தேர்வு முகமை இரு விடைகளுக்கும் மதிப்பெண் வழங்கியிருந்தது. நீதிமன்றம் தில்லி ஐ.ஐ.டி. வல்லுநர் மூவரிடம் கருத்துக் கேட்டது. விடை ஒன்றே என்று அவர்கள் கூறினர். பழைய வாசகத்தை நம்பி விடையளித்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலா ஐந்து மதிப்பெண் இழந்தனர்: பெற்றிருந்த நான்கு போயிற்று, தவறான விடைக்குரிய ஒன்றும் கழிந்தது.

அந்த நான்கு லட்சம் பேரும் சிற்றூர்வாசிகள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பழைய புத்தகம் யார் கையில் மிகுதியாக இருக்கும் என்பதை நாம் அறிவோம். அண்ணனோ அக்காளோ படித்ததைத் தம்பி தங்கை படிக்கும் வீட்டில் இருக்கும். நகல் கடையில் மூன்றாம் முறை நகலெடுத்த குறிப்பேட்டை வாங்கிப் படிக்கும் ஊரில் இருக்கும். நீட் என்னும் மையப்படுத்தப்பட்ட தேர்வின் நியாயம் குறித்த விவாதம் தனி, அது தொடரும். இணையம் மெலிந்த ஊரிலிருந்து இவ்வாண்டு அத்தேர்வை எழுதப்போகும் பிள்ளைக்கு நம் தோழர்கள் என்ன செய்ய முடியும் என்பதே இங்கு நம் கேள்வி.

முதலில் ஒரு மருட்சியை நீக்க வேண்டும். இணையம் இன்றேல் தேர்வு இல்லை என்பது பயிற்சி நிறுவனங்களின் விளம்பரம் பரப்பிய எண்ணம். நீட், காகிதத்தில் பேனாவால் எழுதப்படும் தேர்வு. 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். உயிரியலில் 90 வினாக்கள், இயற்பியலிலும் வேதியியலிலும் 45 வீதம். அடிப்படை நூல்கள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள். பாகம் பாகமாக எண்ணினால் உயிரியலில் இரண்டு, இயற்பியலில் நான்கு, வேதியியலில் நான்கு, ஆகப் பத்து நூல்கள். அவற்றோடு அதே நிறுவனத்தின் மாதிரி வினா நூல்களும் ncert.nic.in தளத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பாடத்திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையமும், நடந்த தேர்வுகளின் விடைக்குறிப்புகளைத் தேர்வு முகமையும் வெளியிடுகின்றன. இணையம் தேவைப்படுவது இவற்றை எடுத்துவருவதற்கே, படிப்பதற்கன்று.

இந்த வேறுபாட்டை எண்ணில் பார்ப்போம். விநாடிக்கு 16 கிலோபைட் மட்டுமே வரும் மெல்லிய இணைப்பில் 10 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடம் இறங்க ஏறத்தாழ 11 நிமிடமாகும். 300 மெகாபைட் அளவுள்ள காணொளிப் பாடம் இறங்க 5 மணி 20 நிமிடமாகும். முன்னது பொறுமைக்கு எட்டும், பின்னது எட்டாது. காஷ்மீர் மாணவர்கள் இதனை வாழ்ந்தே அறிந்தவர்கள். 2019 ஆகஸ்டில் அங்கு இணையம் அறுக்கப்பட்டது. பின்னர் 2ஜி வேகம் மட்டும் அனுமதிக்கப்பட்டது. 4ஜி முழுமையாக மீண்டது 2021 பிப்ரவரியில். இடையே 2020 செப்டம்பர் 13 அன்று நடந்த நீட் தேர்வை அங்குள்ள மிகப் பெரும்பாலான மாவட்டங்களின் பிள்ளைகள் 2ஜி வேகத்தை வைத்துக்கொண்டே எழுதினர். அரசு இழைத்த அநீதியை அவர்களின் விடாமுயற்சி நியாயப்படுத்திவிடாது. ஆனால் எழுத்தும் படமும் மெல்லிய இணைப்பிலும் வந்து சேரும் என்பதற்கு அவர்கள் சான்று. காணொளி வேண்டுவோருக்கு ஒன்றிய அரசின் ஸ்வயம் பிரபா அலைவரிசைகள் செயற்கைக்கோள் வழியே வருகின்றன, இணையம் வேண்டியதில்லை. ஒரே பாடம் ஒரு நாளில் பலமுறை மறுஒளிபரப்பாவதால், மின்வெட்டில் தவறவிட்டவர் அடுத்த முறை பார்க்கலாம்.

ஆகவே ஒரு படிப்பகத்துக்கு வாரத்தில் ஒரு நாள் நல்ல இணைப்புள்ள இடத்துக்குச் சென்றுவர ஓர் ஆளும், ஒரு பென்டிரைவும், அச்சிடும் வசதியும் இருந்தால் பொருள் சேர்ந்துவிடும். சிக்கல் அதன் பின்னர்தான் தொடங்குகிறது. அச்சேறிய காகிதம் தன்னைத் தானே திருத்திக்கொள்வதில்லை.

காகிதம் இரு வகையில் ஏமாற்றும். ஒன்று, நகலின் நகல். எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலும். மூன்றாம் நகலில் அந்த அடுக்கெண் கறையாகிவிடும்; எதிர்க்குறி மறைந்துவிடும்; அயனியின் மின்சுமைக் குறியும் போய்விடும். மாணவர் தவறாகப் படிப்பதை அவரும் அறியார். ஆதலின் ஒரு மூலப்படியைத் தனியே வைத்து, எல்லா நகல்களையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். அதனை எவருக்கும் வெளியே தரலாகாது. இயற்பியலை ஒரு தாளுக்கு இரண்டு பக்கமாகச் சுருக்கி அச்சிடலாம். உயிரியல் படங்களை அவ்வாறு சுருக்கினால் பாகங்களின் பெயர்களைப் படிக்க இயலாது.

மற்றொன்று, ஆண்டு. கொரோனாவுக்குப் பின் பாடச் சுமையைக் குறைப்பதாகக் கூறி என்.சி.இ.ஆர்.டி. பல பாடங்களை நூல்களிலிருந்து நீக்கியது. 2024 தேர்வுக்கென மருத்துவ ஆணையமும் பாடத்திட்டத்தைக் குறைத்தது. ஆனால் இரண்டு கத்தரிப்புகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வேதியியலில் பி-தொகுதித் தனிமங்கள் பாடநூலிலிருந்து நீங்கின; தேர்வின் பாடத்திட்டத்தில் 13 முதல் 18 வரையிலான தொகுதிகள் அப்படியே நின்றன. எனவே புதிய நூலை மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு பாடம் குறையும். பழைய நூல் வைத்திருப்பவரே அங்கு செல்வர். தாவரவியலில் புதிய நூல் சொலானேசி குடும்பத்தை மட்டும் விளக்குகிறது. பாடத்திட்டமோ மால்வேசி, குருசிபெரே, லெகுமினோசே, காம்போசிட்டே, கிராமினே என வேறு ஐந்து குடும்பங்களைக் கேட்கிறது. மறுபுறம், கனிம ஊட்டம், செரிமானம் ஆகிய பாடங்களைப் பழைய குறிப்பேட்டிலிருந்து உருப்போடுபவர் தேர்வில் இல்லாததற்கு வாரங்களைச் செலவிடுகிறார்.

இதற்குத் தீர்வு கடினமன்று. ஆணையத்தின் பாடத்திட்டம் சில பக்கங்களே. அதனை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தலைப்பின் எதிரிலும், அது புதிய நூலில் உள்ளதா, பழைய நூலில் மட்டும் உள்ளதா, இரண்டிலும் இல்லையா என்று எழுதுங்கள். முதல் வகைக்குப் புதிய நூலே சான்று. பழைய நூலை மூடிவிட வேண்டும், ஏனெனில் அணுவைப் பற்றிய அந்த வாசகம் போல் ஒற்றைச் சொல்லும் மாறியிருக்கலாம். இரண்டாம் வகைக்குப் பழைய நூலின் அந்தப் பக்கங்களை மட்டும் நகலெடுத்துச் சேர்க்க வேண்டும். மூன்றாம் வகைக்கு ஊரிலுள்ள ஆசிரியரைக் கொண்டு இரண்டு பக்கக் குறிப்பு எழுதுவிக்க வேண்டும். படிப்பகத்தில் உள்ள ஒவ்வொரு கட்டிலும் எந்த ஆண்டின் பதிப்பிலிருந்து எடுத்தது என்பது முதற்பக்கத்தில் இருக்கட்டும். ஆண்டு இல்லாத குறிப்பேட்டை ஐயத்துடனேயே தொட வேண்டும்.

அடுத்து, தேர்வுப் பயிற்சி. முந்தைய ஆண்டின் வினாத்தாளையும் ஓ.எம்.ஆர். தாளின் நகலையும் கொடுத்து, மதியம் இரண்டு மணிக்கு அமர்த்தி, ஐந்து மணிக்கு வாங்கிவிட வேண்டும். பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது என்பதைக் கை பழக வேண்டும். திருத்துவதற்கு இறுதி விடைக்குறிப்பையே கொள்ள வேண்டும். முதலில் வரும் தற்காலிக விடைக்குறிப்பு ஆட்சேபங்களுக்குப் பின் மாறக்கூடும்.

திருத்திய பின் மொத்த மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்துவது வீண். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு மாணவி 170 வினாக்களுக்கு விடையளித்து, 118 சரி, 52 தவறு என 420 பெறுகிறார் என்று கொள்வோம். எழுதும்போதே வினாத்தாளில் அவர் குறியிட்டுள்ளார்: உறுதியானவை 110, இரண்டில் ஒன்று என ஐயுற்றவை 40, கண்மூடி இட்டவை 20. உறுதியானவற்றில் 98 சரி, 12 தவறு, ஈட்டியது 380. ஐயுற்றவற்றில் 17 சரி, 23 தவறு, ஈட்டியது 45. கண்மூடி இட்டவற்றில் 3 சரி, 17 தவறு, இழந்தது 5.

தெரியாததைத் தொடவே கூடாது என்பது பொதுவான அறிவுரை. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நான்கில் ஒன்றைத் தற்செயலாக இட்டால் 20 வினாவில் 5 சரியாகி, 20 கூடி 15 கழிந்து, 5 மிஞ்சும். ஐந்தில் ஒன்று சரியானால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இம்மாணவிக்கு அதனினும் குறைந்ததற்குக் காரணம், அரைகுறை அறிவை ஈர்க்கும் வகையில் தவறான விடைகள் அமைக்கப்படுவதாக இருக்கலாம். ஒரே தேர்வைக் கொண்டு முடிவு செய்யாமல் மூன்றைப் பார்த்து, மீண்டும் அவ்வாறே நேர்ந்தால் அவ்வகை வினாக்களை விட்டுவிடச் சொல்லலாம். இரண்டில் ஒன்றென நிற்பவற்றை விடலாகாது. அவை 45 ஈட்டித் தந்தன. பெரிய இழப்பு வேறிடத்தில் உள்ளது. உறுதியாகத் தெரியும் என்று நம்பிய 12 தவறுகள் ஒவ்வொன்றும் ஐந்து வீதம் 60 மதிப்பெண்ணை விழுங்கின. அந்தப் பன்னிரண்டையும் நூலில் தேடிப் பார்க்க வேண்டும். அவற்றில் சில வினாவைப் பிழையாக வாசித்தவை. சில கறைபட்ட நகலிலிருந்தோ பழைய பதிப்பிலிருந்தோ வந்தவை. காகிதத்தின் குற்றம் இங்குதான் பிடிபடும்.

இவற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் கூறவில்லை. புரியாத வெப்ப இயக்கவியலைக் காகிதம் விளக்கிவிடாது. பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் அதனைப் படிப்பகம் ஈடுசெய்ய முடியாது. வினாத்தாள் 13 மொழிகளில் வருகிறது; அடிப்படையான பாடநூலோ அத்தனை மொழிகளிலும் இல்லை. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது விதி. தாய்மொழியில் எழுதும் பிள்ளை ஒவ்வொரு கலைச்சொல்லின் ஆங்கில வடிவத்தையும் அறிந்திருக்க வேண்டிய நிலை இதனால் உண்டாகிறது.

ஆதலால் ஒன்றிய அரசிடம் நாம் கோருவது சலுகையன்று. எந்த நூலை வைத்துத் தேர்வு நடத்துகிறீர்களோ, அதன் நடப்புப் பதிப்பை அச்சில் ஒவ்வோர் ஊர் நூலகத்திலும் வையுங்கள். பாடத்திட்டத்தில் உள்ள தலைப்பு பாடநூலில் இல்லையெனில் அப்பக்கங்களை அச்சிட்டு அனுப்புங்கள். பதிப்புக்குப் பதிப்பு மாறிய வாசகங்களின் பட்டியலைத் தேர்வுக்கு முன்பே வெளியிடுங்கள். ஒரு வாக்கியம் திருத்தப்பட்ட செய்தி, அதனைப் படித்தவர்களுக்குத் தேர்வுக்குப் பின் நீதிமன்றத்தின் வழியே தெரியவருவது கல்வி நிர்வாகம் ஆகாது.

அதுவரை, படிப்பகம் நடத்தும் தோழர்கள் இந்த வாரமே அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு நூலின் முதற்பக்கத்தையும் புரட்டி, அது எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள்.