மூன்று முறை ஊற்றியும் நிரம்பாத உருளை

இந்த வாரம் ஒரு கேள்வியோடு தொடங்கலாமா? உங்கள் முன் இரண்டு பாத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று நேராக நிற்கும் டின். இன்னொன்று கச்சாங் பூத்தே பொட்டலம் போலக் கீழே கூராக முடியும் கூம்பு. இரண்டுக்கும் வாயகலம் ஒன்று, உயரமும் ஒன்று. டின்னில் பிடிக்கும் தண்ணீரில் எத்தனை பங்கு கூம்பில் பிடிக்கும்?

வானொலி நிலையத்தில் என்னோடு வேலை செய்பவர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் "பாதி" என்றார்கள். தாளில் வரைந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். செவ்வகத்துக்குள் வரைந்த முக்கோணம் அதில் சரியாகப் பாதிதானே! ஆனால் கூம்பு தாளில் இருக்கும் முக்கோணம் அல்ல, வட்டங்களை அடுக்கிய உருவம். பாதி உயரத்தில் அதன் அகலம் பாதியாகிறது. அகலம் பாதியானால் அந்த வட்டத்தின் பரப்பு பாதி ஆவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. கீழே போகப் போக, நாம் நினைப்பதைவிட வேகமாக இடம் குறைகிறது. அதனால்தான் விடை பாதி அல்ல, மூன்றில் ஒரு பங்கு.

என் அக்கா மகள் படிவம் 2 படிக்கிறாள். உருளை, கூம்பு, உருண்டை மூன்றும் அவளுடைய கணிதப் பாடத்தில் இந்த ஆண்டு வருகின்றன. "சின்னம்மா, ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். ஆனா எதை எங்க போடறதுன்னுதான் குழப்பம்" என்றாள். சரி, தண்ணீரிடமே கேட்போம் என்று சமையலறைக்குப் போனோம்.

பழைய பிளாஸ்டிக் கோப்பு உறைகளை வெட்டினோம். உருளைக்கு உயரம் 10 செ.மீ., ஆரம் 5 செ.மீ. அப்படியானால் சுற்றளவு 31.4 செ.மீ. பட்டையை 32.4 செ.மீ. நீளத்துக்கு வெட்ட வேண்டும். அந்தக் கூடுதல் 1 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவதற்கு. அதை விடாமல் 31.4-ஐயே மடித்து ஒட்டினால் உருளை ஒடுங்கி, ஏறக்குறைய 50 மில்லிலிட்டர் குறைவாகப் பிடிக்கும். அடியில் ஒரு வட்டத்தை ஒட்டி, ஓரத்தில் மெழுகை உருக்கி ஊற்றினோம். ஒழுகவில்லை.

அடுத்து கூம்பு. அதற்கும் ஆரம் 5, உயரம் 10 வேண்டும். அவள் 10 செ.மீ. ஆரத்தில் ஓர் அரைவட்டம் வரைந்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஓரம் விட்டு வெட்டிச் சுருட்டினாள். வாய் சரியாக 10 செ.மீ. அகலம் வந்தது. உருளையின் வாயோடு அச்சாகப் பொருந்தியது. கூம்பை ஒரு குவளையில் நிறுத்தி, தண்ணீர் நிரப்பி, உருளைக்குள் ஊற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. உருளை நிரம்பவில்லை! மேலே ஒரு விரலகலம் காலியாகவே இருந்தது.

"புத்தகத்துல மூணுன்னுதானே போட்டிருக்கு?" என்றாள். புத்தகம் தப்பில்லை. உருளையில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளக்கச் சொன்னேன். ஏறக்குறைய 8.7 செ.மீ. பிறகு கூம்பைக் கவிழ்த்து வைத்து, தரையிலிருந்து கூர் நுனி வரை நேராக அளக்கச் சொன்னேன். அதுவும் 8.7 செ.மீ.!

இது தற்செயல் அல்ல. வாய் ஒன்றாக இருக்கும் எந்தக் கூம்பையும் மூன்று முறை ஊற்றினால், தண்ணீர் அந்தக் கூம்பின் உண்மையான உயரத்தில்தான் வந்து நிற்கும். அவள் வெட்டிய 10 செ.மீ. கூம்பின் உயரம் அல்ல, அதன் சரிவின் நீளம். மலையடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறும் பாதையின் நீளம் வேறு, மலையின் உயரம் வேறு. பாதை எப்போதும் நீளமாகவே இருக்கும்.

உயரம் 10 செ.மீ. வேண்டுமென்றால் சரிவு எவ்வளவு? பித்தகோரஸ் விதிப்படி 5² + 10² = 125. அதன் வர்க்கமூலம் சுமார் 11.2. ஆக 11.2 செ.மீ. ஆரத்தில், 161 பாகை கோணத்துக்கு வெட்ட வேண்டும். அப்படி வெட்டிய இரண்டாவது கூம்பு மூன்று முறையில் உருளையை விளிம்பு வரை நிரப்பியது.

அவளுடைய குழப்பத்துக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. உள்ளே எவ்வளவு பிடிக்கும் என்ற கன அளவுக்கு நேர் உயரம் வேண்டும்: V = ⅓πr²h. வெளியே எவ்வளவு பிளாஸ்டிக் வேண்டும் என்ற மேற்பரப்புக்குச் சரிவு வேண்டும். கூம்பின் வளைந்த பகுதிக்கு அது πrl. கூம்பைப் பிரித்து விரித்தால் கையில் கிடைக்கும் துண்டின் ஆரமே அந்த l. தேர்வில் இதைத்தான் சோதிப்பார்கள். ஆரம் 5, சரிவு 13 என்று கொடுத்துவிட்டுக் கன அளவைக் கேட்பார்கள். அவசரத்தில் 13-ஐப் போட்டால் 340 வரும். உயரம் 12 என்று முதலில் கண்டுபிடித்தால்தான் சரியான விடையான 314 கன செ.மீ. வரும்.

இனி உருண்டை. அலங்காரத்துக்கு விற்கும், இரண்டாகப் பிரியும் பிளாஸ்டிக் உருண்டை ஒன்றை எடுத்தோம். உள்விட்டம் 10 செ.மீ. வெளிப்பக்கம் அளந்தால் சுவரின் தடிமனும் சேர்ந்துவிடும், அதனால் உள்ளேதான் அளக்க வேண்டும். பாதி உருண்டையில் தண்ணீர் எடுத்து உருளைக்குள் ஊற்றினால், இதுவும் மூன்று முறையில் நிரம்பியது. அப்படியானால் முழு உருண்டை உருளையில் மூன்றில் இரண்டு பங்கு. கூம்பு 1, உருண்டை 2, உருளை 3. அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் கணக்கு இவ்வளவுதான். நம்முடைய அளவில் அது சுமார் 262, 524, 785 மில்லிலிட்டர்.

உருண்டைக்கும் உருளைக்கும் உள்ள இந்த உறவைக் கண்டுபிடித்தவர் ஆர்க்கிமிடீஸ். தம் கல்லறையில் உருளைக்குள் உருண்டை இருக்கும் உருவத்தைப் பொறிக்கச் சொன்னாராம். அவர் இறந்து நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையை ரோமானியச் சொற்பொழிவாளர் சிசெரோ அடையாளம் கண்டது அந்த உருவத்தை வைத்துத்தான்.

தண்ணீர் ஊற்றி மேற்பரப்பை அளக்க முடியாது. அதற்கு ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். நல்ல உருண்டையான பழத்தைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் தாளில் வைத்து அதே அளவில் ஆறு வட்டங்கள் வரையுங்கள். தோலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உரித்து, இடைவெளி விடாமல் வட்டங்களுக்குள் அடுக்கச் சொல்லுங்கள். பெரிய துண்டுகள் தட்டையாகப் படியாது, அளவு பிசகும். எத்தனை வட்டம் நிரம்பும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். உருண்டையின் மேற்பரப்பு 4πr². அதில் அந்த 4 எங்கிருந்து வந்தது என்பதைத் தோல் தீர்ந்ததும் அவர்களே சொல்வார்கள்.