பில் மங்கிவிட்டதா? ஸ்டிக்கரைப் படம் எடுங்கள்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தூத்துக்குடியில் இருக்கும் அத்தை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த பில்களெல்லாம் கூழாகிவிட்டன. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து, “எந்த வருஷம் வாங்கினீங்க, என்ன விலை?” என்று கேட்டபோது அத்தையால் பதில் சொல்ல முடியவில்லை.

அதைப் பார்த்த பிறகுதான் ராஜபாளையத்தில் இருக்கும் அக்காவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனும் கையுமாக உட்கார்ந்தார்கள்.

ஒரு பொருளுக்கு மூன்று படம். முதலில் ஃபிரிட்ஜ், சமையலறையில் நிற்கிற நிலையிலேயே முழுசாக. அடுத்து, கதவைத் திறந்தால் உள்சுவரில் தெரியும் ஸ்டிக்கர். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில்தான் இருக்கும். சில ஃபிரிட்ஜுக்கு அது பின்பக்கம் இருக்கும். மூன்றாவது, பில். கடையில் மெஷினில் அடித்துக் கொடுக்கும் வழவழப்பான பில் சில வருடங்களில் வெளுத்துவிடும் என்பதால், எழுத்து தெரியும்போதே எடுத்துவிட வேண்டும்.

பிறகு நோட்டில் ஒரே வரி: ‘ஃபிரிட்ஜ், 260 லிட்டர், மாடல் எண், சீரியல் எண், 2021 தீபாவளி, ரூ.27,500, வாங்கிய கடை.’

சுவரில் மாட்டிய டி.வி.யைக் கழற்ற வேண்டியதில்லை. செட்டிங்ஸில் About என்ற இடத்தில் மாடல் எண் வரும். அந்தத் திரையையே படம் எடுத்தால் போதும். ஏ.சி.க்கு மட்டும் வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு சீரியல் எண்கள்.

“வாஷிங் மெஷின் பில்லைக் காணோமே, அக்கா?”

“கார்டுல வாங்கினதுதானே? பேங்க் ஸ்டேட்மென்ட்ல தேதியும் தொகையும் இருக்கும், அதை எடு. கடையில உன் போன் நம்பரைச் சொன்னாலும் தேடிப் பார்ப்பாங்க.”

அக்காவின் படங்கள் தங்கையிடமும், தங்கையின் படங்கள் அக்காவிடமும் போயின. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, ஸ்டிக்கரின் பொடி எழுத்து மங்கிவிடும். எடுத்த தேதி விவரமும் போய்விடும். அதனால் Document என்ற வழியில் அனுப்பினார்கள்.

கடைசியில் விலைகளைக் கூட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. அக்காவிடம் இருப்பது 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிரஹ ரக்ஷா’ பாலிசி. அதில் கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே உண்டு. கட்டடத்துக்கு 30 லட்சம் என்றால் பொருட்களுக்கு 6 லட்சம். அக்காவின் பட்டியலோ 7 லட்சத்து 40 ஆயிரம்! கூடுதல் தொகை வேண்டுமென்றால் பட்டியலைக் கொடுத்து, அதற்கான பிரீமியமும் கட்ட வேண்டும். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தீ, வெள்ளம் போன்ற விபத்து நடந்து 7 நாட்களுக்குள் போகும் திருட்டுக்குத்தான் இந்தப் பாலிசி பணம் தரும். ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்தால் தராது. அதற்குத் திருட்டு இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும்.

புதுப் பொருள் வீட்டுக்கு வந்தால், அட்டைப்பெட்டியை எடைக்குப் போடும் முன்பே மூன்று படங்களையும் எடுத்துவிடுங்கள்.