கோவாத் தண்ணீர் நீலமாக வந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள்

போன வாரம் ஏழாம் தரப் பிள்ளைகளுக்குச் சிவப்புக் கோவா வேலை ஒன்று கொடுத்திருந்தேன். கோவாவை அவித்து அந்தச் சாற்றை வீட்டில் உள்ள தேசிக்காய், வினாகிரி, அப்பச்சோடா, சவர்க்காரத் தூள் போன்றவற்றில் விட்டுப் பார்த்து நிறத்தை எழுதி வரச் சொன்னேன். சில உம்மாமார் எனக்குப் போன் எடுத்து, "டீச்சர், இது படிப்பா, சமையலா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் எழுத வேண்டிய விஷயம் வேறொன்றாகிவிட்டது.

வகுப்பில் நான் செய்து காட்டிய சாறு நல்ல ஊதா நிறம். கரும்பலகையிலும் "தொடக்க நிறம்: ஊதா" என்றே எழுதியிருந்தேன். மறுநாள் ஒரு பிள்ளையின் கொப்பியில் "நீலம்" என்று இருந்தது. அதன் மேல் அழித்து, "ஊதா" என்று மாற்றி எழுதியிருந்தாள். ஏன் அழித்தாய் என்று கேட்டேன். "எங்கட வீட்டுத் தண்ணி நீலமாகத்தான் வந்திச்சு டீச்சர். ஆனா நீங்க ஊதா என்டுதானே எழுதினீங்க. உம்மா வேற கோவா வாங்கிட்டாங்க போல" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நானும் அவள் ஏதோ பிழையாகச் செய்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பாத்திரத்தில் சவர்க்காரம் ஒட்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிடப் பார்த்தேன். வகுப்பில் விசாரித்தால் இன்னும் ஆறு பிள்ளைகளுக்கு நீலம் வந்திருந்தது. எல்லோரும் கொப்பியில் ஊதா என்றே எழுதியிருந்தார்கள்!

கோவா எல்லோருக்கும் ஒன்றுதான். நுவரெலியாப் பக்கமிருந்து தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்கு வருகிற அதே கோவா. வித்தியாசம் தண்ணீரில் இருந்தது. நான் ஆர்.ஓ. தண்ணீரில் அவித்தேன். அந்த ஏழு வீட்டிலும் கிணற்றுத் தண்ணீரில் அவித்திருந்தார்கள்.

நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல் பிடிக்கும், சவர்க்காரம் நுரைக்காது. நிலத்தடிக் கல்லில் இருந்து கரைந்து வரும் கல்சியமும் மக்னீசியமும் ஐதரசன்காபனேற்றாக அந்தத் தண்ணீரில் இருக்கின்றன. கூடவே கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு ஒரு மென்மையான அமிலம். அது இருக்கும்வரை தண்ணீர் ஏறத்தாழ நடுநிலையில் நிற்கும். கொதிக்க வைத்தால் அந்த வாயு ஆவியோடு போய்விடுகிறது. கல்சியம் காபனேற்று கேத்தலில் படிகிறது, மிச்சத் தண்ணீர் மூலத்தின் பக்கம் சாய்கிறது. கோவாவில் உள்ள அந்தோசயனின் என்ற நிறப்பொருள் அமிலத்தில் சிவப்பு, நடுநிலையில் ஊதா, மென்மையான மூலத்தில் நீலம், அதைவிடக் கூடினால் பச்சை, மிக வலிமையான மூலத்தில் மஞ்சள் என்று மாறும். ஆகவே அந்தப் பிள்ளைக்கு நீலம் வந்தது பிழையே இல்லை. அவள் அமிலமும் மூலமும் படிப்பதற்கு முன்பே கோவா அவளுடைய கிணற்றைச் சோதித்துவிட்டது. நாம் அதை அழிக்க வைத்தோம்.

அடுத்த பாடவேளையில் திட்டத்தை மாற்றினேன். ஆர்.ஓ. தண்ணீரில் எடுத்த ஒரே சாற்றை மூன்று கிளாஸ்களில் விட்டோம். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், ஒன்றில் பச்சையான கிணற்றுத் தண்ணீர், மற்றதில் பத்து நிமிடம் கொதித்து ஆறிய அதே கிணற்றுத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் நான்கு தேக்கரண்டித் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிச் சாறு. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தோம். முதலாவது ஊதா, இரண்டாவது நீலம் கலந்த ஊதா, மூன்றாவது தெளிவான நீலம். யாரும் யாரையும் பார்த்து எழுதத் தேவைப்படவில்லை.

பிறகு ஒரு பங்கு வினாகிரியை ஒன்பது பங்கு ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, பழைய மருந்துப் போத்தல் சொட்டியால் துளி துளியாக விட்டோம். இளஞ்சிவப்பு தெரிகிற வரை எண்ண வேண்டும். ஒவ்வொரு துளிக்கும் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்ட இடத்தில் மட்டும் சிவந்து ஏமாற்றும். ஆர்.ஓ. கிளாஸுக்கு 4 துளி போதுமாக இருந்தது. பச்சைக் கிணற்றுத் தண்ணீர் 34 துளி குடித்தது. பார்வைக்கு முதல் இரண்டு கிளாஸும் கிட்டத்தட்ட ஒரே நிறம், ஆனால் ஒன்று எட்டு மடங்குக்கு மேல் அமிலத்தைத் தாங்கியது. "நிறம் ஒன்டாத்தானே இருந்திச்சு, ஏன் இவ்வளவு துளி?" என்று பின் வாங்கில் இருந்து ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் கோவா வாங்கினோம் என்று இப்போது நினைக்கிறேன். தண்ணீர் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை நிறம் சொல்கிறது. அதை அங்கிருந்து நகர்த்த எவ்வளவு வேண்டும் என்பதைத் துளிகள் சொல்கின்றன.

எனக்குள்ள குறை இதுதான். கண்காட்சிகளில் பத்துப் போத்தல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பெயரும் நிறமும் அச்சடித்து ஒட்டி, பிள்ளையைக் கிளிப்பிள்ளை போல் சொல்ல வைக்கிறோம். நிறம் மாறிவிட்டால் ஆசிரியர் இரவோடு இரவாகப் போத்தலை மாற்றுகிறார். நானும் அப்படிச் செய்தவள்தான். வீட்டிலும் அப்படியே, "டீச்சர் சொன்னது வரல்ல, திரும்பச் செய்" என்கிறோம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். வந்த நிறத்தையும், எந்தத் தண்ணீரில் அவித்தோம், எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு உம்மா கேட்ட இன்னொரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நீலமாக வந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா? கோவாவால் அதைச் சொல்ல முடியாது. நம் உலர்வலயத்துக் கிணறுகளில் பயப்படுகிற புளோரைட்டு அதற்குத் தெரியாது, கிருமியும் தெரியாது. அதற்கு ஆய்வுகூடப் பரிசோதனைதான் வேண்டும். நீலம் என்பதற்காகக் கிணற்றை மூடவும் வேண்டாம், ஊதா என்பதற்காக நம்பவும் வேண்டாம்.

கோவா ஏமாறுகிற ஒரு இடமும் உண்டு. துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் சாற்றை விட்டால் கொஞ்ச நேரத்தில் நிறமே இல்லாமல் போகும். "நடுநிலை" என்று எழுதினான் ஒருவன். அது நடுநிலை இல்லை, நிறப்பொருளையே அது அழித்துவிட்டது. உண்மையில் அந்தத் திரவம் மூலம். இதை நான் மட்டும் செய்து காட்டினேன். வீட்டில் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். முக்கியமாக அதை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடோ வினாகிரியோடோ ஒருபோதும் சேர விடாதீர்கள், நச்சு வாயு வரும்.

சீகிரியாவில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை கேட்காமல் விடுமா, "குன்றில உள்ள ஓவியமும் நிறம் மாறுமா டீச்சர்?" என்று. மாறாது. அங்கே சுண்ணாம்புச் சாந்தின் மேல் பூசியிருப்பது பெரும்பாலும் மண்ணில் இருந்து எடுத்த நிறங்கள். கோவாச் சாற்றால் தீட்டியிருந்தால் சுண்ணாம்பு பட்ட அன்றே பச்சையாகியிருக்கும்.

சாறு குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும், பிறகு நாறும். ஆகவே புதிதாக எடுப்போம். வருகிற வியாழக்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சிறிய போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். கொதிக்க வைக்க வேண்டாம். வாய் வரை நிரப்பி இறுக மூடுங்கள். போத்தலில் முன்பு வினாகிரியோ ஊறுகாயோ இருந்திருந்தால் அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசிவிடுங்கள். சவர்க்காரம் போடாதீர்கள்.