கடை விலை எது?

குரோம்பேட்டைக் கடை ஒன்று, அழகு நிலையங்களுக்கான தலைமுடிச் சாயத்தை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக வைத்துக்கொள்வோம். 100 குழாய்களின் விலை 400 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்றால், ஒரு குழாய் 360 ரூபாய். "500க்கு விற்றால் 140 லாபம்!" என்று வியாபாரி மகிழ்வார்.

அந்தக் கணக்கு தவறு!

கப்பல் கூலியும் இன்ஷூரன்சும் 100 டாலர். ஆக, சரக்கின் மதிப்பு 500 டாலர். அதாவது 45,000 ரூபாய். சுங்க வரி இந்தத் தொகை முழுவதற்கும் உண்டு. கப்பல் கூலிக்கும் வரி கட்டியே தீரவேண்டும்!

வரி 20 சதவீதம் என்றால் 9,000 ரூபாய். அந்த வரியின் மேல் 10 சதவீதம் கூடுதல் வரி 900 ரூபாய். துறைமுகச் செலவு, ஏஜெண்டு கூலி, லாரி வாடகை எல்லாம் 5,100 ரூபாய். மொத்தம் 60,000 ரூபாய். குழாய் ஒன்றின் அடக்கம் 600 ரூபாய்! 500க்கு விற்றவருக்கு, குழாய்க்கு 100 ரூபாய் நஷ்டம். பத்துக் குழாய் கசிந்து வீணானால், மீதியின் அடக்கம் 667 ரூபாய் ஆகிவிடும்.

துறைமுகத்தில் ஐ.ஜி.எஸ்.டி.யும் கட்டவேண்டும். ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரி, அதை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். அதையும் அடக்கத்தில் சேர்த்து, விற்கும்போது மறுபடி வரி போடுவது வாடிக்கையாளர் தலையில் இரட்டைச் சுமை ஏற்றுவதாகும். அது நியாயம் அல்ல.

டாலர் 2 ரூபாய் ஏறினால், சரக்குக்கும் வரிக்குமாகக் குழாய்க்குச் சுமார் 12 ரூபாய் கூடும். ஆகவே பணம் கட்டிய நாளின் மதிப்பைப் போட்டு, அடக்கம் கண்ட பிறகே விலைச்சீட்டு எழுதவேண்டும்.