வாயிலுக்கு வெளியே ஒரு தாய்



மே மாதத்தின் முதல் ஞாயிறு நெருங்கும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவர் ஒரு தாய். டெல்டாப் பகுதிச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். கணவர் வளைகுடாவில் பணிபுரிகிறார். அவருடைய மகன் சிறு வயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை. 2025ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் அவன் திருச்சியில் நீட் தேர்வு எழுதினான். அன்று தேர்வு மையத்தின் வாயிலுக்கு வெளியே தமக்கு நேர்ந்ததை அந்தச் சகோதரி பின்னொரு நாள் நம்மிடம் கூறினார். குறைகூறும் நோக்கம் அவருக்கு இல்லை. ஆயினும் அதைக் கேட்ட நமக்குத் தலைகுனிவு ஏற்பட்டது.

தேர்வு மதியம் 2 மணி முதல் 5 மணி வரை. 180 நிமிடங்கள், 180 வினாக்கள். வாயில் 1.30க்கு அடைக்கப்படும், அதன் பின் ஒரு நிமிடம் தாமதித்து வந்தாலும் அனுமதி கிடையாது. சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் பிள்ளைகளை முன்கூட்டியே வரச் சொல்கிறார்கள். அன்று திருச்சியில் லுஹர் நேரம் ஏறத்தாழ 12.12க்குத் தொடங்கியது. சாலையோரத்தில் ஒரு துண்டை விரித்து மகன் லுஹர் தொழுதான். பிறகு கைக்கடிகாரம், கைப்பேசி, இடுப்புவார் எல்லாவற்றையும் தாயிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, அரைக்கைச் சட்டையும் சாதாரணச் செருப்புமாக, அனுமதிச் சீட்டும் புகைப்படமும் ஏந்தி உள்ளே சென்றான். அப்போது மணி 12.40.

அந்த நேரத்தில் சாலையில் நிழலே இல்லை. மே மாதத் தொடக்கத்தில் நம் பகுதியில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். எவ்வளவு உயர்ந்த மதிலாயினும் அதன் நிழல் ஒரு முழத்தைத் தாண்டாது. அந்த ஒரு முழ நிழலில் தாய்மார்கள் முதுகை மதிலோடு ஒட்டி வரிசையாக நின்றார்கள். நம் சகோதரியும் மகனின் பொருட்கள் அடங்கிய பையை மார்போடு அணைத்தபடி அவர்களோடு நின்றார். உதடுகள் துஆவில் அசைந்துகொண்டிருந்தன.

அவர் தண்ணீர் அருந்தவில்லை. கையில் முழு பாட்டில் இருந்தும் அருந்தவில்லை. காரணம் எளியது: அருகில் பெண்களுக்கான கழிப்பிடம் இல்லை. இத்தகைய இடங்களில் காத்திருக்கும் பெண்கள் பெரும்பாலும் சொல்லாமல் செய்வது இதைத்தான். காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆண்கள் தேநீர்க் கடைக்கும் மரத்தடிக்கும் போய்விடுகிறார்கள். பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

சற்று நேரம் எங்காவது போய் அமர்ந்திருக்கலாமே என்று நாம் கேட்டோம். "பிள்ளை கையில போன் இல்லையே ஹஜ்ரத். பாதியில வெளிய வந்தான்னா என்ன எங்கேன்னு தேடுவான்? நான் நகர்ந்தா அவன் பேனாவும் நின்னுடும்போல இருந்துச்சு" என்றார்.

அந்தப் பாசத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இத்தேர்வில் நேரம் முடியும்முன் எந்தப் பிள்ளையையும் வெளியே விடுவதில்லை. விரைவாக எழுதி முடித்தவனும் 5 மணி வரை இருக்கையில்தான் அமர்ந்திருக்க வேண்டும். இது தெரிந்திருந்தால் அவர் மூன்று மணி நேரம் வேறெங்கேனும் நிழலில் இருந்திருக்கலாம். "முடிந்ததும் இந்தக் கடை வாசலுக்கு வந்துவிடு" என்று மகன் உள்ளே போகுமுன் ஓர் அடையாளம் சொல்லியிருந்தால் போதுமானது.

அஸர் நேரம் ஷாஃபிஈ மத்ஹபின்படி 3.27 அளவில் வந்தது. இரண்டு தெரு தள்ளி பாங்கொலி கேட்டது. அவர் முதன்முறையாக அந்த வாயிலை விட்டு நகர்ந்து பள்ளிவாசலைத் தேடிப் போனார். அங்கே பெண்கள் தொழுவதற்கு இடம் இல்லை. ஒளூச் செய்ய ஒரு குழாய்கூடத் தனியாக இல்லை. வாசலில் நின்றவர் கனிவோடுதான் பதில் சொன்னாராம். ஆனாலும் பதில் 'இல்லை' என்பதே. வெயிலில் திரும்பி வந்தவருக்கு மதிலருகே கண் இருட்டியது. கீழே சாயுமுன் அவரைப் பிடித்துக்கொண்டவர் அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி. தம் முக்காலியில் உட்காரவைத்து, உப்புப் போட்ட மோர் கொடுத்தார். பிறகு பின் சந்தில் இருந்த தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று குளியலறையைக் காட்டினார். "தொழணுமாம்மா?" என்று அவரே கேட்டு, கூடத்தில் ஒரு பாயையும் விரித்தார். நம் சகோதரி அன்றைய அஸரைத் தொழுதது அந்தக் கூடத்தில்தான்.

அந்த மூதாட்டிக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் அவர் செய்தது நம் பள்ளிவாசல் செய்திருக்க வேண்டிய வேலை அல்லவா?

வேறொரு பள்ளிவாசலைச் சுட்டி நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. நமது மதரஸாவுக்கு எதிர்ச் சாரியிலும் ஒரு தேர்வு மையம் இருக்கிறது. ஞாயிறு விடுமுறை என்று அன்று நமது கதவையும் பூட்டி வைத்திருந்தோம். உள்ளே மின்விசிறிகள், பாய்கள், தண்ணீர்த் தொட்டி, மாணவியருக்கான கழிப்பிடம் எல்லாம் இருந்தன. அந்தச் சகோதரி நம் ஊர் மையத்துக்கு வந்திருந்தால் நம் பூட்டைத்தான் பார்த்திருப்பார்.

தேர்வு நாளில் தாய்மார்கள் கேட்கும் துஆ பெரும் பாக்கியம்தான். அதற்காக உடலை வதைத்துக்கொள்வது தவக்குல் ஆகாது. வெயிலில் நின்று கேட்பதும் நிழலில் அமர்ந்து கேட்பதும் அல்லாஹ்விடம் ஒன்றே, அவன் செவியுறுபவன். எனவே சகோதரிகளே, தண்ணீர் அருந்துங்கள். சந்திக்கும் இடத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். 5 மணிக்கு வெளியே வரும் பிள்ளைக்கும் அஸர் தவறிப்போவதில்லை. அன்று மஃரிப் 6.29க்குத்தான். பேருந்தில் ஏறுமுன் அவனைத் தொழவையுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவதும் பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. உங்கள் மஹல்லாவுக்குள் தேர்வு மையம் இருந்தால், அன்று காலை 10 முதல் மாலை 6 வரை மதரஸாவின் ஓர் அறையைப் பெண்களுக்குத் திறந்துவிடுங்கள். தண்ணீர், கழிப்பிடம், தொழ ஒரு மூலை இருந்தால் போதும். இடம் எங்கே என்று அம்புக்குறியிட்ட ஓர் அட்டையை மையத்தின் வாயிலருகே கட்டுங்கள். இல்லாவிடில் வெளியூர்த் தாய்க்கு அது தெரியாது. வாசலில் ஒரு பெண் நின்று வரவேற்கட்டும். ஆண் நின்றால் பலர் தயங்கித் திரும்பிவிடுவர். வருபவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்க வேண்டாம். அந்தப் பூக்காரம்மா கேட்கவில்லை.

5.20 மணிக்கு மகன் வெளியே வந்தான். "எத்தனை வினா சரி?" என்று சுற்றிலும் பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறானால் ஒன்று குறையும் என்னும் கணக்கில், விடைக்குறிப்பு வருமுன் அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல எந்தப் பிள்ளையாலும் இயலாது. நம் சகோதரி அதைக் கேட்கவில்லை. "அஸர் தொழுதுட்டு வா வாப்பா, இடம் இருக்கு" என்று பூக்காரம்மாவின் வீட்டைக் காட்டினார்.

அடுத்த முறை அவ்வாறு சுட்டிக்காட்டும் இடம் நமது கதவாக இருக்க அல்லாஹ் நமக்கு நல்லுதவி புரிவானாக. ஆமீன்.